வெறும் கேள்விக்குறி மட்டும் வந்தால் என்ன பதில் எழுதுவது?

கைத்தறிச் சேலைக் கடை ஒன்றின் வாட்ஸ்ஆப் எண்ணுக்கு வரும் செய்திகளுக்குப் பதில் எழுதுவது என் வேலை. இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் விலை சொல்வதையும், முகவரி வாங்குவதையும், பார்சல் எண் அனுப்புவதையும் சீக்கிரமே கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். அவர்களைத் திகைக்க வைப்பவை சொல்லே இல்லாத செய்திகள். திரையில் ஒரு “?” மட்டும் நிற்கும். அல்லது ஒரு 🙏, ஒரு 😥. எதிரே இருப்பவர் என்ன நினைக்கிறார் என்று ஊகித்து, அந்த ஊகத்துக்குப் பதில் எழுதிவிடுவதுதான் அங்கே நடக்கும் பிழை. அப்படி எழுதாமல் இருக்க என்னென்ன செய்யலாம் என்பதை, வேலை நடக்கும் வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகள் சேலைக் கடையைச் சேர்ந்தவை. ஆனால் செய்தி வழியாக ஆர்டர் எடுக்கும் எந்தக் கடையிலும் இதே வரிசை பொருந்தும்.

முதலில், அது எதன்மேல் நிற்கிறது என்று பாருங்கள்

கேள்விக்குறிக்குத் தனியாகப் பொருள் கிடையாது. அது எந்தச் செய்திக்குப் பின்னால் வந்தது, எவ்வளவு நேரம் கழித்து வந்தது என்ற இரண்டும்தான் அதற்குப் பொருள் தருகின்றன. ஆகவே பதில் எழுதும் பெட்டியில் விரலை வைக்கும் முன், உரையாடலை மேலே தள்ளி, கடைசி ஆறேழு செய்திகளையாவது நேரத்தோடு படியுங்கள்.

வாடிக்கையாளர் உங்கள் செய்தி ஒன்றைப் பிடித்து இழுத்து, அதற்கென்றே பதிலாகக் கேள்விக்குறியை அனுப்பியிருந்தால், பழைய செய்தியின் துண்டு அதன் மேலேயே தெரியும். அப்படியானால் பாதி வேலை முடிந்தது. எதைப் பற்றிக் கேட்கிறார் என்று அவரே காட்டிவிட்டார். புதியவர்கள் அவசரத்தில் இந்தச் சிறு துண்டைக் கவனிக்காமல், கடைசிச் செய்திக்கு விளக்கம் எழுதிவிடுகிறார்கள். அவர் கேட்டதோ நேற்று அனுப்பிய படத்தைப் பற்றி இருக்கும்.

எமோஜி என்றால், அது தனிச் செய்தியாக வந்திருக்கிறதா, அல்லது உங்கள் செய்தியின் ஓரத்தில் சிறியதாக ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். ஓரத்தில் ஒட்டியிருப்பது அந்த ஒரு செய்திக்கான எதிர்வினை. அது எதைச் சுட்டுகிறது என்பதில் சந்தேகம் இல்லை. தனியாக வந்த எமோஜி எதை வேண்டுமானாலும் சுட்டலாம்.

அடுத்து, உங்கள் பழைய செய்தி அவரிடம் போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள். ஒற்றைச் சாம்பல் குறி என்றால் அது இன்னும் அவருடைய போனை எட்டவில்லை. இரட்டைக் குறி என்றால் எட்டிவிட்டது. இரட்டை நீலம் என்றால் உரையாடலைத் திறந்திருக்கிறார். நீலம் இல்லாததை வைத்து அவர் படிக்கவில்லை என்று முடிவு செய்ய முடியாது, ஏனென்றால் நீலக் குறி காட்டுவதை அவரே நிறுத்தி வைத்திருக்கலாம். சிக்னல் குறைந்த ஊரிலிருந்து எழுதுபவர்களோடு பேசும்போது செய்திகள் குறுக்கே கடந்துபோவதும் உண்டு. நீங்கள் விலையை எழுதி அனுப்பும் அதே நிமிடத்தில், அந்த விலை இன்னும் வரவில்லையே என்று அவர் “?” போட்டிருப்பார். உங்கள் திரையில் அது விலைக்குக் கீழே வந்து உட்காரும். விலையைப் பார்த்து அதிர்ந்துபோய்க் கேட்டதுபோலத் தெரியும். இரண்டு செய்திகளுக்கும் நடுவில் ஒரு நிமிடம்கூட இல்லை என்றால் இந்த வாய்ப்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அது உண்மையிலேயே கேள்விக்குறிதானா?

இதைக் கேட்டால் புதியவர்கள் வியப்பார்கள். ஆனால் போனில் நேரடியாக இல்லாமல், கடையின் கணினி மென்பொருள் வழியாகவோ எஸ்எம்எஸ் வழியாகவோ செய்திகளைப் பார்ப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். கணினி தனக்குத் தெரியாத எழுத்தைக் கண்டால், பல சமயம் அந்த இடத்தில் ஒரு “?” வைத்துவிடும்.

எஸ்எம்எஸ்ஸின் அடிப்படை எழுத்துத் தொகுப்பில் தமிழ் கிடையாது. தமிழ் எஸ்எம்எஸ் வேறொரு குறியீட்டு முறையில்தான் போகிறது. அதனால்தான் ஆங்கிலத்தில் 160 எழுத்து பிடிக்கும் ஒரு எஸ்எம்எஸ், தமிழில் 70-ஐத் தாண்டுவதில்லை. நடுவில் ஏதாவது ஒரு மென்பொருள் இந்த மாற்றத்தைச் செய்யத் தவறினால், ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒரு கேள்விக்குறியாக மாறிவிடும். “எப்போது வரும்” என்று ஒருவர் எழுதினால் உங்கள் திரையில் இப்படித் தெரியும்:

```
??????? ?????
```

ஏழு, ஒரு இடைவெளி, பிறகு ஐந்து. புள்ளியும், எழுத்தோடு சேரும் உயிர்க்குறி ஒவ்வொன்றும் கணினிக்குத் தனிக் குறி என்பதால், கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளைவிட எண்ணிக்கை கூடுதலாக இருக்கும். கோபத்தில் கேள்விக்குறிகளை வரிசையாகத் தட்டுபவர் நடுவில் இடைவெளி விடுவது அரிது. ஆகவே இடைவெளியோடு வந்த கேள்விக்குறி வரிசையைப் பார்த்தால், அது தொலைந்துபோன தமிழ் வாக்கியமாக இருக்கக்கூடும். பாவம், அவர் பொறுமையாக ஒரு வாக்கியம் எழுதியிருப்பார். நாம் அவரைக் கோபக்காரர் என்று குறித்துவைத்திருப்போம்.

தனி ஒற்றைக் கேள்விக்குறிக்கு வேறு காரணம் உண்டு. பல மென்பொருள்கள் செய்திகளைச் சேமித்து வைக்கும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் `utf8` என்ற பழைய அமைப்பு ஓர் எழுத்துக்கு மூன்று பைட் வரைதான் இடம் தரும். தமிழ் எழுத்துகள் மூன்று பைட்டில் அடங்கிவிடும். எமோஜிகளில் பெரும்பாலானவற்றுக்கு நான்கு பைட் வேண்டும். அதனால் தமிழ் ஒழுங்காகத் தெரியும் திரையில், 🙏 மட்டும் “?” ஆகவோ “????” ஆகவோ மாறி நிற்கலாம். நன்றி சொல்லிக் கைகூப்பியவரிடம் “என்ன சந்தேகம்?” என்று கேட்கும் நிலைமை இப்படித்தான் வருகிறது.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, வேலையில் சேர்ந்த அன்றே உங்கள் சொந்த எண்ணிலிருந்து கடை எண்ணுக்கு ஒரு தமிழ் வரியும் ஒரு எமோஜியும் அனுப்பிப் பார்ப்பதுதான். இரண்டும் அப்படியே தெரிந்தால் கவலை இல்லை. எமோஜி மட்டும் கேள்விக்குறியானால், மென்பொருளைப் பராமரிப்பவரிடம் அமைப்பை `utf8mb4`-க்கு மாற்றச் சொல்லுங்கள். அது 2010-லேயே வந்துவிட்ட வசதிதான். மாற்றும்வரை, அந்தத் திரையில் காணும் எந்தக் கேள்விக்குறியையும் கேள்வி என்று நம்பாதீர்கள்.

உங்கள் கடைசிச் செய்தியை அந்நியர்போலப் படியுங்கள்

அது உண்மையான கேள்விக்குறிதான் என்றால், அடுத்துச் செய்ய வேண்டியது உங்களுடைய கடைசிச் செய்தியைப் புதிதாகப் படிப்பது. சில நிமிடங்களுக்குள் வரும் கேள்விக்குறி பெரும்பாலும் நம் செய்தியில் இருக்கும் ஓட்டையைத்தான் தொடுகிறது. ஓர் உரையாடலை அப்படியே எடுத்துக்கொள்வோம்.

காலை 10.42-க்கு ஒருவர் மஞ்சள் கண்டாங்கிச் சேலையின் படத்தை அனுப்பி, “இது இருக்கிறதா?” என்று கேட்கிறார். 10.50-க்குக் கடையிலிருந்து பதில் போகிறது: “இருக்கிறது. விலை 1,450 ரூபாய். கூரியர் தனி.” 10.53-க்கு அவரிடமிருந்து “?” வருகிறது.

புதியவர் எழுதக்கூடிய பதில்கள் மூன்று. “என்ன மேடம்?” என்பது ஒன்று. கேள்விக்குறிக்கு இன்னொரு கேள்விக்குறியைத் திருப்பி அனுப்புவதற்குச் சமம் இது. அவர் தட்டச்சு செய்யாமல் தப்பிக்க நினைத்த வேலையை அவர் தலையிலேயே கட்டுகிறது. போதாததற்கு அவர் பெண் என்றும் முடிவு கட்டிவிடுகிறது. இரண்டாவது: “விலை அதிகமாகத் தோன்றுகிறதா? 100 ரூபாய் குறைத்துக்கொள்கிறோம்.” அவர் விலையைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. அவரால் அந்த விலையைக் கொடுக்க முடியாது என்று நாமாகவே எண்ணிக்கொண்டோம். அதோடு நெசவாளிக்குப் போக வேண்டிய காசில் நூறைக் கேட்காமலே விட்டுக்கொடுத்தோம். மூன்றாவது: “தாமதத்துக்கு மன்னிக்கவும்.” எட்டு நிமிடம் ஒரு தாமதமே இல்லை. கேட்காத மன்னிப்பு, இந்தக் கடையில் வழக்கமாகத் தாமதமாகும் போலிருக்கிறது என்ற எண்ணத்தை அவரிடம் விதைக்கும்.

இப்போது நம் செய்தியை அந்நியர்போலப் படிப்போம். “கூரியர் தனி” என்கிறது. எவ்வளவு என்று சொல்லவில்லை. விலையில் ரவிக்கைத் துணி சேர்ந்திருக்கிறதா என்று சொல்லவில்லை. எப்போது அனுப்புவோம் என்று சொல்லவில்லை. இவை எல்லாம் அவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் நாம் சொல்லியிருக்க வேண்டியவை. ஆகவே பதில் இப்படி அமையலாம்:

“சேலை 1,450 ரூபாய், ரவிக்கைத் துணி சேர்த்து. தமிழ்நாட்டுக்குள் என்றால் கூரியர் 80 ரூபாய், மொத்தம் 1,530. பணம் வந்த மறுநாள் அனுப்பிவிடுவோம். நீங்கள் கேட்க வந்தது வேறு என்றால் ஒரே ஒரு சொல் எழுதினாலும் போதும், குரல் பதிவும் அனுப்பலாம்.”

இந்தப் பதிலில் “நீங்கள் கூரியர் கட்டணத்தைக் கேட்கிறீர்கள்” என்று எங்கும் சொல்லவில்லை. கட்டணத்தைச் சொல்லியிருக்கிறோம், அவ்வளவுதான். அவர் எந்த ஊர் என்று நமக்குத் தெரியாது. அதனால் “தமிழ்நாட்டுக்குள் என்றால்” என்று நிபந்தனையோடு எழுதியிருக்கிறோம். கடைசி வரி கதவைத் திறந்து வைக்கிறது, அதுவும் மிகக் குறைந்த உழைப்பில் நுழையக்கூடிய கதவாக. இந்தக் கடைசி வரியை வேண்டாத உபசாரம் என்று எண்ணி விட்டுவிடாதீர்கள். வெறும் கேள்விக்குறி அனுப்புபவர்களில் பலருக்குத் தமிழில் தட்டச்சு செய்ய வராது. சிலருக்கு எழுதப் படிக்கவே தயக்கமாக இருக்கும். சிலர் வேலைக்கு நடுவில் ஒரு கையால் போனைப் பிடித்திருப்பார்கள். இவர்களில் யார் என்று நமக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் இல்லை. குரல் பதிவுக்கு இடமுண்டு என்று சொல்லிவிட்டால் எல்லாரும் அவரவருக்கு ஏற்ற வழியில் வருவார்கள்.

இதற்கு அவர் அனுப்பிய பதில்: “பார்டர் என்ன கலர்? போட்டோவில் கறுப்பாகத் தெரிகிறது.” அதாவது நாம் நிரப்பிய ஓட்டைகளில் எதுவுமே அவர் கேட்க வந்தது இல்லை. ஆனாலும் நஷ்டம் ஒன்றுமில்லை. அவர் “இல்லை, அது இல்லை” என்று நம்மை மறுத்துவிட்டுத் தொடங்க வேண்டியிருக்கவில்லை. நேராகத் தன் கேள்விக்கு வந்துவிட்டார். பகல் வெளிச்சத்தில் கரையை மட்டும் படமெடுத்து, “அரக்குச் சிவப்பு” என்று எழுதி அனுப்பினால் முடிந்தது.

நம் பதிலில் ஊகம் புகுந்துவிட்டதா என்பதை இதை வைத்தே சோதிக்கலாம். வார இறுதியில் உங்கள் உரையாடல்களில் “இல்லை” என்று தொடங்கும் வாடிக்கையாளர் செய்திகளைத் தேடிப் பாருங்கள். “இல்லைங்க, நான் கேட்டது…” என்று வரும் இடங்களில் எல்லாம், அதற்கு முந்தைய நம் செய்தியில் அவர் சொல்லாத ஒன்றை அவர் சொன்னதாக எழுதியிருப்போம்.

எத்தனை வாய்ப்புகளை ஒரே பதிலில் அடுக்கலாம் என்று கேட்பார்கள். இரண்டு அல்லது மூன்றுக்கு மேல் வேண்டாம். ஐந்தாறு விளக்கங்களை எண் போட்டு அனுப்பினால் அது விண்ணப்பப் படிவமாகிவிடும். ஒரு குறி மட்டும் அனுப்பியவர் அதைப் படிக்க மாட்டார்.

நேரம் கழித்து வரும் கேள்விக்குறி

திங்களன்று பணம் வாங்கிக்கொண்டு, “நாளை அனுப்பிவிடுவோம்” என்று எழுதியிருக்கிறோம். புதன் மதியம் “?” வருகிறது. இங்கே நிலைமை வேறு. நாம் சொன்ன சொல் ஒன்று நிலுவையில் நிற்கிறது. குறி அதன்மேல்தான் நிற்கிறது என்று எடுத்துக்கொள்வது ஊகமே ஆகாது.

ஆனால் பதில் எழுதும் முன் எழுந்துபோய் அந்தப் பார்சலைத் தேடுங்கள். “அனுப்பியாயிற்று, செக் பண்ணிச் சொல்கிறேன்” என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே எழுதுவது இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் தவறு. பார்சல் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகு எழுதுங்கள்:

“உங்கள் சேலை இன்னும் கடையில்தான் இருக்கிறது. செவ்வாய் அனுப்புவதாகச் சொன்னோம், அனுப்பவில்லை, மன்னிக்கவும். இன்று மாலை 5 மணிக் கூரியரில் போகிறது. பார்சல் எண்ணை 6 மணிக்குள் அனுப்புகிறேன்.”

இங்கே மன்னிப்புக் கேட்பது சரி. நாம் சொன்னதைச் செய்யவில்லை என்பது பதிவில் இருக்கும் உண்மை. அதற்காகத்தான் மன்னிப்பு, அவர் கோபமாக இருக்கிறார் என்று நினைத்து அல்ல. “உங்கள் கோபம் புரிகிறது” என்று எழுதவே எழுதாதீர்கள். அவர் கோபப்பட்டாரா, ஊருக்குப் போகும் முன் தெரிந்துகொள்ள விரும்பினாரா, அல்லது வீட்டில் யாரோ கேட்டதால் கேட்டாரா என்பது அந்த ஒற்றைக் குறியில் இல்லை. கோபப்படாதவரிடம் கோபத்தைப் பற்றிப் பேசினால் அதுவே கோபத்தை வரவழைக்கும். “??”, “???” என்று வந்தாலும் இதேதான். குறிகள் கூடினால் பதில் விரைவாகப் போக வேண்டும். பதிலின் தொனி மாற வேண்டியதில்லை.

ஒற்றை எமோஜி வந்தால்

எமோஜிக்கு முதல் கேள்வி, பதில் தேவையா என்பதுதான். நிலுவையில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். “பார்சல் எண் இதோ” என்று நாம் அனுப்பி, அவர் 🙏 அனுப்பினால், அங்கே எதுவும் பாக்கி இல்லை. நீங்களும் ஒரு 🙏 அனுப்பலாம், அனுப்பாமலும் இருக்கலாம். “ஏதாவது உதவி வேண்டுமா?” என்று தொடர வேண்டாம், முடிந்த பேச்சை மறுபடி திறக்கும் வேலை அது.

நிலுவை இருந்தால் அதே 🙏 வேறாகிவிடுகிறது. “சேலையை மாற்றித் தர முடியாது, தண்ணீர் பட்டுவிட்டது” என்று நாம் எழுதியதற்குப் பிறகு வரும் 🙏, “தயவுசெய்து பாருங்கள்” என்ற வேண்டுதலாக இருக்கலாம். “சரி, போகட்டும்” என்று முடித்துக்கொள்வதாகவும் இருக்கலாம். வணக்கம், நன்றி, வேண்டுதல், மன்னிப்பு, இரங்கல் எல்லாவற்றுக்கும் நம்மிடம் இந்த ஒரே கைகூப்பல்தான் இருக்கிறது. இங்கே “புரிந்துகொண்டதற்கு நன்றி” என்று எழுதினால், அவர் ஒத்துக்கொண்டதாக நாமே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அதற்குப் பதிலாக, “மாற்றித் தர முடியாத நிலைதான். சாயம் எந்த இடத்தில் ஓடியிருக்கிறது என்று ஒரு படம் அனுப்பினால், சாயம் போட்டவரிடம் காட்டி என்ன செய்யலாம் என்று கேட்டுச் சொல்கிறேன்” என்று எழுதலாம். வேண்டுதலாக இருந்தால் படம் வரும். முடித்துக்கொண்டதாக இருந்தால் வராது. இரண்டிலும் அவருக்குச் சங்கடம் இல்லை.

முக எமோஜிகளைப் படிப்பதில் எனக்கு நம்பிக்கையே கிடையாது. உங்களுக்கும் வேண்டாம் என்பேன். ஒரே எமோஜியை ஒவ்வொரு போன் நிறுவனமும் வெவ்வேறாக வரைகிறது. அவர் அனுப்பிய முகமும் நீங்கள் பார்க்கும் முகமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே எமோஜியை, அதே வடிவத்திலேயே பார்த்தவர்களிடையேகூட, அது காட்டுவது நல்ல உணர்வா, கெட்ட உணர்வா, இரண்டும் இல்லையா என்பதில் நான்கில் ஒரு முறை கருத்து வேறுபட்டது. மூக்கிலிருந்து ஆவி விடும் 😤 முகத்தை எல்லாரும் கோபம் என்கிறோம். யூனிகோடு பட்டியலில் அதற்குக் கொடுத்திருக்கும் பெயரோ வெற்றிப் பெருமிதம். 😪 முகத்தில் வழிவதைக் கண்ணீர் என்று நினைக்கிறோம். அது தூக்கத்தைக் காட்டும் முகம். கல்லூரிப் பிள்ளைகள் 😭 அனுப்புவது பல சமயம் சிரிப்பு தாங்காமல். சேலைப் படத்துக்கு ஒருவர் 😭 அனுப்பினால் அது மிகவும் பிடித்துவிட்டது என்பதாக இருக்கலாம். விலை எட்டவில்லை என்பதாகவும் இருக்கலாம்.

ஆகவே முகத்துக்குப் பதில் சொல்லாமல், முகம் எதற்கு வந்ததோ அதற்குப் பதில் சொல்லுங்கள். “இந்தச் சேலையை உங்களுக்காக நாளை மாலை வரை எடுத்து வைக்கட்டுமா, அல்லது இதே நிறத்தில் 1,000 ரூபாய்க்குள் இருப்பவற்றையும் அனுப்பட்டுமா? 1 அல்லது 2 என்று அனுப்பினால் போதும்.” இரண்டு பொருளுக்கும் இதில் வழி இருக்கிறது, ஒன்றையும் அவர்மேல் ஏற்றவில்லை.

எமோஜிக்குப் பதில் வெறும் கட்டம் மட்டும் தெரிந்தால், பெரும்பாலும் நம் போன் பழையது, அந்த எமோஜி புதியது என்று பொருள். இதை மறைக்காமல், “நீங்கள் அனுப்பியது என் திரையில் வெறும் கட்டமாகத் தெரிகிறது” என்று எழுதிவிடுங்கள்.

பணம் சம்பந்தப்பட்ட 👍

இந்த ஒரு குறிக்கு மட்டும் தனி விதி வைத்துக்கொள்ளுங்கள். கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் 2021-இல், தானியம் வாங்கும் ஒரு நிறுவனம் ஆளி விதைக்கான ஒப்பந்தத்தைப் படமெடுத்து ஒரு விவசாயிக்கு அனுப்பி, உறுதிப்படுத்துமாறு கேட்டது. அவர் 👍 அனுப்பினார். பிறகு விதையைக் கொடுக்கவில்லை. அதற்குள் விலை ஏறியிருந்தது. ஒப்பந்தம் கிடைத்தது என்பதைத்தான் கட்டைவிரல் சொன்னது என்பது அவருடைய வாதம். 2023-இல் நீதிமன்றம் அதை ஒப்புதலாகவே எடுத்துக்கொண்டு, 82,000 கனடிய டாலருக்கு மேல் ஈடு கட்டச் சொன்னது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2024-இல் அதை உறுதி செய்தது.

நமக்கு வேண்டியது தீர்ப்பின் காரணம். இதே இருவரிடையே முன்பு நடந்த ஒப்பந்தங்களுக்கும் அவர் “சரி” என்பதுபோன்ற ஓரிரு சொல் பதில்களையே அனுப்பி, சரக்கையும் கொடுத்திருந்தார். அந்தப் பழக்கத்தை வைத்துத்தான் நீதிபதி கட்டைவிரலைப் படித்தார். முதல் தடவை சேலை வாங்கும் ஒருவரோடு நமக்கு அப்படி எந்தப் பழக்கமும் கிடையாது. “மொத்தம் 1,530 ரூபாய், முகவரி இதுதானே, அனுப்பலாமா?” என்பதற்கு 👍 வந்தால், அதைக் ‘கிடைத்தது’ என்றும் படிக்கலாம், ‘அனுப்புங்கள்’ என்றும் படிக்கலாம். குறிப்பாகப் பொருள் வந்த பிறகு பணம் கொடுக்கும் ஆர்டர்களில், தவறாகப் படித்தால் பார்சல் போய்த் திரும்பும். இரண்டு பக்கக் கூரியர் செலவும் நம் தலையில் விழும். “அனுப்பிவிடுகிறேன். வேண்டாம் என்றால் மாலை 4 மணிக்குள் சொல்லுங்கள்” என்பதும் ஊகம்தான், அவர் மௌனத்தை ஒப்புதலாக்குகிறது. “அனுப்ப என்று ஒரு சொல் எழுதினால் இன்றே கட்டிவிடுகிறேன்” என்று கேளுங்கள். “சிவப்பா, மஞ்சளா?” என்று நாம் கேட்டதற்கு 👍 வந்தாலும் இதே கதைதான், இரண்டு படத்தையும் 1, 2 என்று எண்ணிட்டு மறுபடி அனுப்புங்கள்.

எப்படி அழைப்பது

பெயர் தெரியாத எண்ணிலிருந்து ஒரு குறி மட்டும் வந்தால் சார், மேடம், அக்கா, அண்ணா எதுவும் வேண்டாம். “வணக்கம்” என்று தொடங்கி “நீங்கள்” என்று தொடர்ந்தால் யாரும் குறைபட மாட்டார்கள். ஆணா பெண்ணா, பெரியவரா சிறியவரா என்று அதற்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பழைய வாடிக்கையாளர் என்றாலும், போன் அவர் கையில்தான் இருக்கிறது என்று எண்ணாதீர்கள். அம்மாவின் எண்ணிலிருந்து மகள் எழுதுவது நம் வீடுகளில் அன்றாடம் நடப்பது. அவர்களே உங்களைத் “தம்பி” என்றோ “கண்ணு” என்றோ அழைத்த பிறகு “அம்மா” என்று சொல்வது அழகாக இருக்கும். “தெரியாமல் கை பட்டுவிட்டதா?” என்று மட்டும் கேட்காதீர்கள். உண்மையில் கை பட்டிருந்தாலும், வேண்டுமென்றே அனுப்பியிருந்தாலும், கேட்பவருக்கு அது சுருக்கென்று இருக்கும்.

பதிலுக்குப் பிறகும் மௌனம் என்றால்

மறுநாள் ஒரே ஒரு முறை நினைவூட்டலாம், அதற்குமேல் வேண்டாம். பெரிய கடைகளில் வாட்ஸ்ஆப் எண்ணை மென்பொருளோடு இணைத்திருப்பார்கள். அப்படி இருந்தால், வாடிக்கையாளர் கடைசியாக எழுதியதிலிருந்து 24 மணி நேரத்துக்குள்தான் நாம் விரும்பியபடி எழுத முடியும். அது கடந்தால் வாட்ஸ்ஆப்பிடம் முன்கூட்டியே ஒப்புதல் பெற்ற வார்ப்புச் செய்தியைத்தான் அனுப்ப முடியும். ஒரு கேள்விக்குறியும் இந்த நேரக் கணக்கைப் புதிதாகத் தொடங்கிவைக்கும். அதனால் நினைவூட்டலை மறுநாள் அதே நேரத்துக்கு முன்பே அனுப்பிவிடுங்கள்.

வேலை முடிந்து அடுத்தவரிடம் ஒப்படைக்கும்போது எழுதும் குறிப்பிலும் கவனம் வேண்டும். “விலை கேட்டார்” என்று நீங்கள் எழுதினால், மாலையில் வருபவர் அதை நடந்ததாகவே எடுத்துக்கொண்டு தள்ளுபடி பேசத் தொடங்கிவிடுவார். “10.53-க்குக் கேள்விக்குறி மட்டும் வந்தது. விலையும் கூரியரும் சொல்லியிருக்கிறேன். என்ன கேட்டார் என்று இன்னும் தெரியவில்லை” என்று எழுதி வையுங்கள்.